ஒரே கேள்வி, இரண்டு மொழி: ஸ்டோர் கீப்பர் நேர்காணலுக்கான வினா வங்கி

கோயம்புத்தூர்ப் பகுதியில் பம்ப்பும் மோட்டாரும் செய்யும் நடுத்தர அளவிலான தொழிற்சாலை ஒன்று ஸ்டோர் கீப்பர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது, தமிழ்வழியில் படித்து ஏதாவதொரு கிடங்கில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு வருபவர்களும், ஆங்கிலவழியில் டிப்ளமோவோ பட்டமோ முடித்த கையோடு வருபவர்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். இவர்களிடம் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் மனிதவளப் பிரிவில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவையாக இருக்கும். தமிழில் பதில் சொல்ல விரும்புபவருக்கு, நேர்காணல் நடத்துபவர் அந்த நேரத்தில் மனத்தில் தோன்றிய தமிழில் அவற்றை மாற்றிக் கேட்பார். காலையில் வந்தவருக்குக் கேள்வி ஒரு வடிவில் போய்ச் சேர்கிறது. மாலையில் வந்தவருக்கு ஒரு குறிப்புச் சேர்ந்தோ ஒரு பகுதி விடுபட்டோ வேறொரு வடிவில் போய்ச் சேர்கிறது. ஆங்கிலத்தில் பதில் சொல்பவர்களுக்கு மட்டும் அது எழுதியபடியே கிடைக்கிறது. இரண்டு மொழிகளிலும் சம அளவு கடினமான வினா வங்கியை உருவாக்கும் தேவை இந்த இடத்தில்தான் எழுகிறது.

வினா வங்கி என்பது வெறும் கேள்விப் பட்டியல் அன்று. ஒவ்வொரு கேள்வியின் இரு மொழி வடிவங்களும், பதில் அரைகுறையாக வந்தால் கேட்க வேண்டிய துணைக் கேள்விகளும், எந்தப் பதிலுக்கு எத்தனை மதிப்பெண் என்ற விளக்கமும் ஒன்றாகச் சேர்ந்த தொகுப்பையே அச்சொல் இங்குக் குறிக்கிறது. எல்லா விண்ணப்பதாரர்களிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, முன்பே எழுதிவைத்த அளவுகோலால் மதிப்பிடுவது கட்டமைக்கப்பட்ட நேர்காணல் எனப்படும். அதன் ஒரு வகையாகிய சூழல் நேர்காணலை, அதாவது வேலையில் நேரக்கூடிய ஒரு நிலைமையைச் சொல்லி அப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்கும் முறையை, கேரி லேதமும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1980ஆம் ஆண்டில் மர அறுவை ஆலைத் தொழிலாளர்களையும் மேற்பார்வையாளர்களையும் கொண்டு சோதித்து வெளியிட்டார்கள். ஸ்டோர் கீப்பர் வேலைக்கு இந்த முறை நன்கு பொருந்துகிறது. அந்த வேலையின் திறமை பெரும்பாலும் பொருள்களின் வரையறைகளில் இல்லை. ஒரு நெருக்கடியான நேரத்தில் எதை முதலில் செய்வது, எதை எழுதி வைப்பது என்ற முடிவுகளில் இருக்கிறது.

கேள்விகளை எழுதுவதற்கு முன் அவற்றுக்கான நிகழ்ச்சிகளைத் திரட்ட வேண்டும். ஜான் ஃபிளானகன் 1954ஆம் ஆண்டில் விவரித்த முக்கிய நிகழ்வு முறை இதற்குப் பயன்படுகிறது: வேலையை அருகிலிருந்து பார்த்தவர்களிடம், ஒருவர் அதை மிக நன்றாகச் செய்த ஒரு தருணத்தையும் மிக மோசமாகச் செய்த ஒரு தருணத்தையும், என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், அதனால் என்ன விளைந்தது என்ற மூன்றும் தெரியும்படி சொல்லச் சொல்வதே அம்முறை. தமிழ்நாட்டுத் தொழிற்சாலையில் இதைத் தமிழில்தான் நடத்த வேண்டும் என்பது பலருடைய கவனத்துக்கு வருவதில்லை. ஸ்டோர்ஸில் பல ஆண்டுகள் இருந்தவர் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லும்போது அவர் வாயில் இயல்பாக வரும் சொற்களே, அதாவது இன்வாய்ஸ், டெலிவரி சலான், பின் கார்டு, இருப்பு, ஷார்ட்டேஜ், லாட், மூட்டை போன்றவையே, பின்னர் கேள்வியின் தமிழ் வடிவத்துக்கு உரிய சொற்களாக அமைகின்றன. ஆங்கிலத்தில் திரட்டிய நிகழ்ச்சியிலிருந்து தொடங்குபவர்கள் அகராதியிடம் போகிறார்கள். சிக்கல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு இதை விரிவாகப் பார்க்கலாம். வந்திறங்கிய சரக்கு இன்வாய்ஸில் உள்ள எண்ணிக்கையைவிடக் குறைவாக இருக்கும்போது ஸ்டோர் கீப்பர் என்ன செய்கிறார் என்பதை அறிய வேண்டும். ஆங்கிலத்தில் முதலில் எழுதப்படும் வடிவம், இன்வாய்ஸ் அளவுக்கும் பெற்ற அளவுக்கும் வேறுபாடு இருந்தால் பின்பற்றும் நடைமுறையை விளக்கச் சொல்லும் ஒற்றை வாக்கியமாக இருக்கும். அதை மொழிபெயர்த்தால் இப்படி அமையும்: "சரக்கு விலைப்பட்டியலில் குறிப்பிடப்பட்டுள்ள எண்ணிக்கைக்கும் உண்மையில் பெறப்பட்ட எண்ணிக்கைக்கும் இடையே முரண்பாடு காணப்படும் பட்சத்தில், தாங்கள் மேற்கொள்ளும் நடவடிக்கைகளை விவரிக்கவும்." இலக்கணப்படி இதில் பிழை இல்லை, பொருளும் மாறவில்லை. ஆனால் ஆங்கில வடிவத்தில் உள்ள சொற்கள் டிப்ளமோ வகுப்பிலும் அலுவலக மின்னஞ்சலிலும் அன்றாடம் புழங்குபவை. தமிழ் வடிவத்தில் உள்ள விலைப்பட்டியல், முரண்பாடு, பட்சத்தில் என்னும் சொற்களோ எந்தக் கிடங்கிலும் ஒருவரும் ஒருவரிடமும் பேசாதவை. விலைப்பட்டியல் என்று கேட்டவுடன் கடையில் தொங்கும் விலைவிவரப் பலகையை நினைத்துக்கொள்பவர் இருக்கிறார். தாங்கள் என்னும் விளிப்பும் மனுவுக்குப் பதில் எழுதுவது போன்ற ஒரு விறைப்பை உண்டாக்கி, மேலதிகாரியிடம் உரிய முறையில் தெரிவிப்பேன் என்ற ஒரு வரிப் பதிலை வரவழைக்கிறது. அந்தப் பதிலைக் கேட்டவர் இவருக்கு அனுபவம் போதாது என்று குறித்துக்கொள்வார். குறை பதிலில் இல்லை, கேள்வியில் இருக்கிறது.

இந்தக் குறையைப் பின்மொழிபெயர்ப்பு கண்டுபிடிக்காது. பின்மொழிபெயர்ப்பு என்பது, தமிழாக்கியதை மூலத்தைப் பாராத வேறொருவரிடம் கொடுத்து மீண்டும் ஆங்கிலத்தில் எழுதச் செய்து, இரண்டு ஆங்கில வடிவங்களையும் ஒப்பிடும் முறை. ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு உளவியல் ஆய்வுகளில் இது பரவலானது. மேலே காட்டிய விறைப்பான தமிழ் வாக்கியம் இந்தச் சோதனையில் முழு வெற்றி பெறும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தது சொல்லுக்குச் சொல் திரும்பிப் போவதே காரணம். கிடங்குப் பேச்சில் இயல்பாக எழுதிய வாக்கியமோ திரும்பி வரும்போது சற்று மாறித்தான் வரும். அதனால் நல்ல வடிவம் தோற்று, கெட்ட வடிவம் தேர்வாகும் அபாயம்கூட உண்டு. பொருள் மாறிவிட்டதா என்பதைப் பார்க்க மட்டுமே இந்த முறையை வைத்துக்கொள்ள வேண்டும். கடினம் சமமா என்ற கேள்விக்கு அதனிடம் விடை இல்லை.

வழி வேறு திசையில் இருக்கிறது. ஆஸ்வால்ட் வெர்னரும் டொனால்ட் கேம்பலும் 1970ஆம் ஆண்டில் மையம் நீக்கல் என்ற கருத்தை முன்வைத்தார்கள். ஒரு மொழி வடிவத்தை மாற்றக்கூடாத மூலமாக வைத்துக்கொள்ளாமல், இரண்டையும் திருத்தத்துக்கு உரியவையாகக் கொண்டு, ஒன்றில் இயல்பாக வராததை மற்றதிலிருந்தும் எடுத்துவிட்டு இரண்டையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவருவதே அதன் சாரம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் இருமொழி வினாத்தாள்களில், ஐயம் எழும் இடங்களில் ஆங்கில வடிவமே இறுதியானது என்ற குறிப்பு அச்சிடப்பட்டு வந்திருக்கிறது. ஒரே விடையுள்ள எழுத்துத் தேர்வில் பிணக்கைத் தீர்க்க ஏதாவதொரு வடிவத்தை இறுதியாகக் கொள்ள வேண்டிய கட்டாயம் இருக்கலாம். நேர்காணலில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே இரண்டு மொழிகளுக்கும் ஒரே தகுதியைக் கொடுத்துவிட முடியும், கொடுக்கவும் வேண்டும்.

அந்த முறையில் மேலுள்ள கேள்வி தமிழில் இவ்வாறு மாறுகிறது: "மாலை 5:45 மணிக்கு லாரியில் பேரிங் பெட்டிகள் வருகின்றன. இன்வாய்ஸில் 40 பெட்டி என்று இருக்கிறது. நீங்கள் எண்ணிப் பார்த்தால் 38 இருக்கிறது. டிரைவர் நேரமாகிவிட்டது என்று சொல்லி, கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொல்கிறார். ஸ்டோர்ஸ் மேனேஜர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். நீங்கள் என்னென்ன செய்வீர்கள், எதை முதலில் செய்வீர்கள்?" இதன் ஆங்கில வடிவமும் இதே போன்ற சிறு வாக்கியங்களாக, இதே எண்களோடும் இதே வரிசையிலும் புதிதாக எழுதப்படுகிறது, நடைமுறையை விளக்கச் சொல்லும் பழைய ஒற்றை வாக்கியம் ஆங்கிலத்திலிருந்தும் போய்விடுகிறது. இதனால் ஆங்கிலத்தில் பதில் சொல்பவருக்கும் நன்மை உண்டு. பாடப்புத்தகத்தில் படித்த நடைமுறையை ஒப்பித்துத் தப்பிக்கும் வாய்ப்புக் குறைந்து, டிரைவர் அவசரப்படுத்தும்போது தான் என்ன செய்வோம் என்று அவரும் யோசித்தாக வேண்டியிருக்கிறது. ஏட்டு நடையில் அமைந்த கேள்வி எந்த மொழியிலும் ஏட்டறிவுக்கே சாதகமாக இருக்கும்.

ஒரு வடிவம் மற்றதைவிடக் கடினமாகிவிடுவது பாதிச் சிக்கல்தான். ஒரு வடிவம் விடையைக் காட்டிக்கொடுத்துவிடுவது மறுபாதி. ஆங்கிலத்தில் ஃபைஃபோ என்பதன் பொருளைக் கேட்டால் அந்தச் சுருக்கப்பெயரைக் கேள்விப்பட்டிருந்தால் மட்டுமே பதில் சொல்ல முடியும். அதையே முதலில் வந்ததை முதலில் அனுப்பும் முறை என்றால் என்ன என்று தமிழில் கேட்டால், கேள்வியைத் திருப்பிச் சொன்னாலே போதும். இரண்டு வடிவங்களையும் காப்பாற்ற முயல்வதைவிட இரண்டையும் கைவிடுவது நல்லது. பசை டப்பாக்கள் இரண்டு லாட்டாக இருக்கின்றன, ஒன்று மார்ச்சில் வந்தது, மற்றது ஜூனில் வந்தது, ஜூனில் வந்தது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது, உற்பத்திப் பிரிவிலிருந்து வந்தவர் அவசரமாக 5 டப்பா கேட்கிறார், எதை எடுத்துக் கொடுப்பீர்கள், ஏன் என்று கேட்டால், பெயர் தெரிந்தவரும் பெயர் தெரியாமல் அந்த வழக்கத்தைக் கடைப்பிடிப்பவரும் ஒரே இடத்திலிருந்து தொடங்குகிறார்கள்.

தமிழின் இடைச்சொற்களும் விடையைக் காட்டிக்கொடுக்கக் கூடியவை. மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பவர்கள் கண்ணில் இவை அவ்வளவு எளிதில் படுவதில்லை. எண்ணாமல் கையெழுத்துப் போடச் சொன்னால் என்பது ஒரு நிலைமையைச் சொல்கிறது. எண்ணாமலேயே கையெழுத்துப் போடச் சொன்னால் என்பது அது தவறு என்ற கேட்பவரின் தீர்ப்பையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. துணைக் கேள்வியில் மேனேஜரிடம் சொல்ல மாட்டீர்களா என்று கேட்பதும் அப்படியே. இவற்றுக்கு ஈடான சாய்வு ஆங்கில வடிவத்தில் இல்லையென்றால் தமிழில் பதில் சொல்பவருக்கு ஒரு மதிப்பெண் இனாமாகக் கிடைக்கிறது. நடுநிலை என்பது இரு பக்கமும் பார்க்க வேண்டிய ஒன்று. தமிழ் விண்ணப்பதாரருக்குச் சலுகையாக அமையும் சாய்வும் சாய்வுதான். வினைமுற்றிலும் இதே கவனம் தேவை. மேனேஜர் சொல்கிறார் என்றும் டிரைவர் சொல்கிறான் என்றும் எழுதினால், யாருக்கு மறுப்புச் சொல்லலாம் என்பதைக் கேள்வியே வகுத்துக் கொடுத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இந்த ஏற்றத்தாழ்வு வினையில் தெரியாது. ஆகவே கேள்வியில் வரும் எல்லோருக்கும் ஆர் விகுதியே உரியது.

வினாக்கள் சமமானாலும் மதிப்பிடுவதில் சாய்வு நுழைந்துவிட்டால் எல்லா உழைப்பும் வீணாகிவிடும். தயங்காத ஆங்கிலத்தில் சொன்ன ஒரு சாதாரணப் பதில், யோசித்து யோசித்துத் தமிழில் சொன்ன ஒரு நல்ல பதிலைவிடக் கூர்மையானதாகக் காதுக்குப் படுவது இந்திய அலுவலகங்களில் அரிதான ஒன்றன்று. இதைத் தடுக்க, மதிப்பெண் விளக்கத்தைப் பேச்சின் தன்மையைக் கொண்டு எழுதாமல் செயல்களைக் கொண்டு எழுத வேண்டும். பேரிங் கேள்விக்கு 5 மதிப்பெண் பெறும் பதிலில், டிரைவர் முன்னிலையில் மறுபடி எண்ணுவது, 2 பெட்டி குறைவு என்பதை லாரி ரசீதின் நகலில் எழுதி டிரைவரின் கையெழுத்தை வாங்குவது, 38க்கு மட்டும் வரவு வைப்பது, மேனேஜருக்கோ கொள்முதல் பிரிவுக்கோ அன்றே தகவல் சொல்வது ஆகிய நான்கும் இருக்கும். 38க்கு வரவு வைத்துத் தகவலும் சொல்லிவிட்டு எழுத்துச் சான்று எதையும் வாங்காமல் விட்டால் 3. நாற்பதுக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால், அல்லது யாரையும் கேட்காமல் லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டால் 1. தெளிவாக, தன்னம்பிக்கையோடு, விரிவாக என்பன போன்ற சொற்கள் இந்த விளக்கத்தில் எங்குமே வரக்கூடாது. அவை வந்த இடத்தில் மொழிச் சரளம் மதிப்பெண்ணாக மாறிவிடும். துணைக் கேள்விகளும் இரண்டு மொழிகளிலும் எழுதி வைக்கப்பட்டவையாக, வேறு ஏதாவது செய்வீர்களா, எழுத்தில் ஏதாவது பதிவு செய்வீர்களா என்ற இரண்டோடு நிற்க வேண்டும். எழுத்துப் பதிவைப் பற்றிய இரண்டாவது கேள்விக்குப் பிறகே அந்தப் பதில் வந்தது என்றால் அதற்கு எத்தனை மதிப்பெண் குறைப்பது என்பதையும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

அடுத்தது முன்னோட்டம். பெரிய தேர்வு அமைப்புகள், மொத்தத்தில் ஒரே அளவு மதிப்பெண் பெற்ற இரு மொழியினரில் ஒரு தரப்பினர் மட்டும் ஒரு குறிப்பிட்ட கேள்வியில் தொடர்ந்து பின்தங்குகிறார்களா என்பதைப் புள்ளியியல் முறையில் கண்டறிகின்றன. அதற்கு ஒவ்வொரு மொழியிலும் நூற்றுக்கணக்கானோரின் பதில்கள் தேவை. ஆண்டுக்குச் சில ஸ்டோர் கீப்பர்களை எடுக்கும் தொழிற்சாலையால் அது ஆகாது. அதன் கைக்கெட்டும் முறை ஒன்று உண்டு: இரண்டு மொழிகளிலும் தடையின்றிப் பேசும் பணியாளர்கள் 12 பேரை ஆறு ஆறு பேராகப் பிரித்து, 8 கேள்விகளில் முதல் நான்கை ஒரு குழுவுக்குத் தமிழிலும் அடுத்த நான்கை ஆங்கிலத்திலும், மற்றக் குழுவுக்கு இதை மாற்றியும் கேட்பது. பதில் எந்த மொழியில் சொல்லப்பட்டது என்பது மதிப்பிடுபவருக்குத் தெரியக்கூடாது என்பதால், இடையில் ஒருவர் ஒவ்வொரு பதிலிலும் சொல்லப்பட்ட செயல்களை மட்டும் ஒரே மொழியில் குறிப்பாக எழுதி அவரிடம் கொடுக்க வேண்டும்.

அப்படிச் செய்ததில், இருப்பு எந்த அளவுக்கு இறங்கினால் புது ஆர்டர் கொடுக்க வேண்டும் என்பது பற்றிய கேள்வியில் ஆங்கிலத்தில் சராசரி 3.8, தமிழில் 2.9 என்று வந்ததாகவும், மற்றக் கேள்விகளில் வேறுபாடு 0.3ஐத் தாண்டவில்லை என்றும் வைத்துக்கொள்வோம். ஆறு பேர் கொண்ட குழுவில் ஒருவருடைய மதிப்பெண் 5லிருந்து 1க்கு இறங்கினாலே சராசரி ஏறத்தாழ 0.67 மாறிவிடும், ஆகவே 0.3 என்பதற்குப் பொருளே இல்லை, 0.9 என்பதும் தீர்ப்பு ஆகாது. அது, அந்தக் கேள்வியின் பதில்களை எடுத்து வாசிக்கச் சொல்லும் அறிகுறி மட்டுமே. வாசித்துப் பார்த்தால், தமிழ் வடிவத்தில் இருந்த மறு கொள்முதல் நிலை என்ற தொடரைக் கேட்ட இருவர், கொடுத்த பொருளைத் திரும்ப வாங்கிக்கொள்வதைப் பற்றிப் பேசியிருப்பது தெரியவரலாம். அப்போது அந்தத் தொடரையும் அதன் ஆங்கில மூலமான ரீ-ஆர்டர் லெவலையும் சேர்த்தே நீக்கிவிட்டு, ஒரு நாளைக்கு இத்தனை போல்ட் செலவாகிறது, ஆர்டர் போட்டால் வருவதற்கு இத்தனை நாள் ஆகிறது, எத்தனை மீதி இருக்கும்போது அடுத்த ஆர்டர் போடச் சொல்வீர்கள் என்று இரண்டிலும் கேட்பதே சரியான திருத்தம்.

இந்த முன்னோட்டத்துக்கு ஓர் எல்லை உண்டு. இரு மொழியும் அறிந்தவர் தமிழ் வடிவத்தில் தடுமாறினாலும் அதன் பின்னால் இருக்கும் ஆங்கிலத்தை ஊகித்துப் புரிந்துகொண்டுவிடுவார். தமிழ் மட்டுமே அறிந்தவருக்கு அந்த ஊன்றுகோல் இல்லை. எனவே தமிழில் மட்டும் பேசிப் பழகிய பணியாளர்கள் மூவரையோ நால்வரையோ தனித்தனியே உட்காரவைத்து, கேள்வியை வாசித்துக் காட்டி, பதில் சொல்லச் சொல்லாமல், என்ன கேட்கிறார்கள் என்பதைத் தங்கள் சொந்தப் பேச்சில் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். எண்ணிக்கையையோ டிரைவரின் அவசரத்தையோ மேனேஜர் இல்லாததையோ அவர்கள் விட்டுவிட்டுச் சொன்னால், அந்த வாக்கியம் நீளமானது அல்லது இடம் தவறியது என்று பொருள். சிப்பம் என்ற சொல் ஒரு வட்டாரத்தாருக்குப் பழகியதாகவும் மற்றொரு வட்டாரத்தாருக்குப் புதியதாகவும் இருப்பது போன்ற செய்திகளும் இங்குதான் தெரியவரும். வாசிப்பவர் கேள்வியைப் பேச்சுத் தமிழுக்கு மாற்றித்தான் வாசிப்பார் என்பதால், இருக்கிறது என்பதை இருக்கு என்று சொல்லலாம், ஆனால் சொற்களையோ வரிசையையோ மாற்றக்கூடாது என்ற விதியையும் இந்தக் கட்டத்தில் எழுதிவைத்துவிடலாம்.

நேர்காணல் நாளன்று மொழியை விண்ணப்பதாரரே தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தத் தேர்வை அழைப்புக் கடிதத்திலேயே கேட்டுவிட்டால், நேரில் தமிழ் வேண்டும் என்று சொல்லத் தயங்குபவர்களுக்கு அது உதவியாக இருக்கும். பதிலில் இரண்டையும் கலந்து பேசலாம் என்று தொடக்கத்தில் அறிவிக்க வேண்டும். கேள்வி புரியவில்லை என்றால் அதே வடிவத்தை ஒருமுறை மீண்டும் வாசிக்க வேண்டும். அதன் பிறகும் புரியவில்லை என்றால் வங்கியில் உள்ள மற்ற மொழி வடிவத்தை வாசிக்கலாம். நேர்காணல் நடத்துபவர் தம் சொற்களில் விளக்கத் தொடங்குவதை மட்டும் எக்காரணத்தாலும் அனுமதிக்கக்கூடாது.

ஸ்டோர் கீப்பர் கணினியில் பதிவு செய்யவும் சப்ளையரின் ஆங்கில மின்னஞ்சலைப் படிக்கவும் வேண்டியிருப்பதால் ஆங்கிலம் வேண்டாமா என்று மேலாளர்கள் கேட்பது நியாயமே. அதற்கு உரிய பதில், அந்த அளவு ஆங்கிலத்தைத் தனியாகச் சோதிப்பதுதான்: உண்மையான இன்வாய்ஸ் ஒன்றையும் நான்கு வரி மின்னஞ்சல் ஒன்றையும் கொடுத்து, பொருளின் பெயர், அளவு, வரும் தேதி ஆகியவற்றைக் கணினிப் படிவத்தில் பதியச் சொல்லி, அதற்கென்று தனி மதிப்பெண் கொடுத்துவிடலாம். தமிழில் நேர்காணல் கொடுத்தவரும் ஆங்கிலத்தில் கொடுத்தவரும் இதே தாளைத்தான் செய்வார்கள். வேலைக்கு எவ்வளவு ஆங்கிலம் வேண்டுமோ அவ்வளவு மட்டும் அங்கே அளக்கப்படும். பேரிங் கேள்விக்கான மதிப்பெண்ணில் அது கலக்காது.

வங்கியைப் பேணும்போது ஒரு விதியைத் தளர்த்தக்கூடாது. ஒரு கேள்வியின் ஒரு மொழி வடிவத்தில் ஒரு சொல் மாறினாலும், மறு வடிவம் அதே கண்ணோடு பார்க்கப்பட்டு இரண்டிலும் ஒரே திருத்தத் தேதி இடப்படும்வரை அந்தக் கேள்வி இரண்டு மொழிகளிலும் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட வேண்டும். புதிதாக வந்த மனிதவள அலுவலர் ஆங்கில வடிவத்தை மட்டும் சற்றுச் செப்பனிட்டு, 40 பெட்டியை 400 ஆக்கி, மேனேஜர் கிளம்பிவிட்டார் என்ற வாக்கியத்தைத் தேவையற்றது என்று நீக்கிவிட்டால், ஆங்கிலத்தில் பதில் சொல்பவர் மேனேஜரைக் கூப்பிடுவேன் என்று சொல்லி முடித்துவிடலாம். தமிழில் பதில் சொல்பவர் மட்டும் தனியாக நின்று முடிவெடுக்க வேண்டியிருக்கும்.